தீபாவளி ஸ்கீம் கடிதம்: விநியோகஸ்தர் தானே கணக்குப் போட்டுப் பார்க்கும்படி எழுதுவது எப்படி

மதுரையைச் சுற்றி மாவு, மசாலா, அப்பளம் என்று ஏதாவது தயாரிக்கும் கம்பெனியில் சேல்ஸ் பக்கம் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கும், கப்பலூர்ப் பக்கம் சின்னதாக ஒரு யூனிட் போட்டு இந்த வருடம்தான் முதல் தீபாவளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆகஸ்ட் கடைசியில் முதலாளி கூப்பிட்டு "டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு ஸ்கீம் லெட்டர் ரெடி பண்ணுங்க" என்பார். பழைய ஃபைலில் இருப்பதை எடுத்து, தேதியை மாற்றி அனுப்பிவிடத் தோன்றும். அப்படி அனுப்பிய கடிதத்துக்கான சண்டை நவம்பர் கடைசியில் வரும், அதுவும் உங்கள் நல்ல விநியோகஸ்தரிடமிருந்துதான் வரும், ஏனென்றால் அதிகம் வாங்கியவருக்குத்தான் கணக்கில் அதிகம் இடிக்கும்.

நல்ல ஸ்கீம் கடிதத்துக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். பெரியகுளத்தில் இருக்கும் விநியோகஸ்தர், தன் பில்களையும் உங்கள் கடிதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, உங்களுக்கு போன் போடாமலே தனக்கு வரவேண்டிய தொகையைக் கணக்குப் போட வேண்டும், அந்தத் தொகையும் உங்கள் கணக்கரின் தொகையும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த இடத்துக்குக் கடிதத்தைக் கொண்டுபோவது எப்படி என்று ஒரே ஒரு சரக்கை வைத்துப் பார்ப்போம்: முறுக்கு மாவு, அரை கிலோ பாக்கெட், பெட்டிக்கு 20 பாக்கெட். விநியோகஸ்தருக்கு வரி சேர்க்காமல் பெட்டி 1,000 ரூபாய், அதாவது பாக்கெட் 50 ரூபாய். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நானாக வைத்துக்கொண்ட விலை இது.

முதலில் நாட்காட்டியை எடுங்கள்

ஸ்கீம் எவ்வளவு கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பதை முடிவு செய்ய வேண்டும். போன வருடம் தீபாவளி அக்டோபர் 20. இந்த வருடம், 2026இல், நவம்பர் 8. இடையில் 19 நாள் தள்ளிப் போயிருக்கிறது. இதைக் கவனிக்காமல் "சென்ற ஆண்டு செப்டம்பர், அக்டோபர் விற்பனையைவிட 15 சதவீதம் கூடுதல்" என்று இலக்கு வைத்தால், போன வருடத்தின் முழு சீசனையும் இந்த வருடத்தின் முக்கால் சீசனோடு ஒப்பிடுகிறீர்கள். விநியோகஸ்தர் எவ்வளவு ஓடினாலும் எட்டாது. நவம்பரில் தீபாவளி வந்து அடுத்த வருடம் அக்டோபரில் வந்தால் இதே தவறு தலைகீழாக விழும், எல்லோரும் சும்மா இருந்தே இலக்கைத் தாண்டிவிடுவார்கள், பணம் உங்கள் கையிலிருந்து போகும்.

அதனால் மாதத்தை விட்டுவிட்டு, தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னால் என்று எண்ணுங்கள். தீபாவளிக்கு 55 நாள் முன்பு தொடங்கி 8 நாள் முன்பு முடிப்பது என்று வைத்தால், இந்த வருடம் செப்டம்பர் 14 முதல் அக்டோபர் 31 வரை. அதே அளவு நாட்கள் போன வருடம் ஆகஸ்ட் 26 முதல் அக்டோபர் 12 வரை. இந்த இரண்டையும் ஒப்பிட்டால்தான் நியாயமான கணக்கு. செப்டம்பர் 14 விநாயகர் சதுர்த்தி, அன்றைக்கு லோடு ஏறாது, பரவாயில்லை, தேதி தேதிதான்.

8 நாள் முன்பே ஏன் முடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். நம் ஊர் வீடுகளில் முறுக்கு சுடுவது தீபாவளிக்கு முந்தைய வாரம். அதற்குள் சரக்கு மளிகைக் கடையின் தட்டில் இருக்க வேண்டும், விநியோகஸ்தர் குடோனில் இருந்து பயனில்லை. நவம்பர் 5ஆம் தேதி ஸ்கீமுக்காக வாங்கும் சரக்கு விற்பதற்காக வாங்கும் சரக்கே இல்லை, அது நவம்பர் 20க்கு அப்புறம் ரிட்டர்னாக உங்கள் வாசலுக்கே வரும்.

போன வருடக் கணக்கை எடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. விலை குறையும் என்று தெரிந்ததும் பல விநியோகஸ்தர்கள் செப்டம்பர் முதல் மூன்று வாரம் கொள்முதலை நிறுத்தி வைத்தார்கள். ரூபாயில் இலக்கு வைத்தால் இந்த மாற்றமெல்லாம் உள்ளே புகுந்து கணக்கைக் கலைத்துவிடும். பெட்டி எண்ணிக்கையில் வையுங்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் பெட்டி பெட்டிதான், விநியோகஸ்தரும் மனதில் பெட்டியாகத்தான் எண்ணுகிறார்.

இருப்பு ஸ்கீம்: பத்துக்கு ஒன்று என்றால் என்ன

இருப்பு ஸ்கீமின் வேலை, சரக்கைச் சீக்கிரம் விநியோகஸ்தர் குடோனுக்குக் கொண்டுபோவது. கடைசி இரண்டு வாரத்தில் ஆலையிலும் நெரிசல், லாரியும் கிடைக்காது, வடகிழக்குப் பருவமழை வேறு அப்போதுதான் பிடிக்கும். அதே சமயம் எண்ணெய், மைதா, சோப்பு என்று எல்லாக் கம்பெனியும் அந்த ஒரே விநியோகஸ்தரின் பணத்துக்குத்தான் கை நீட்டுகிறது. முன்னாடியே உங்களிடம் பணம் போடுகிறவருக்கு அதிகம் கொடுக்க வேண்டும். ஆகவே இரண்டு கட்டமாகப் பிரிக்கலாம்: அக்டோபர் 10 வரை 10 பெட்டிக்கு 1 இலவசம், அதற்கு அப்புறம் அக்டோபர் 31 வரை 20 பெட்டிக்கு 1.

இங்கே புதியவர்கள் எழுதும் ஒரு வரி எல்லோரையும் குழப்பும்: "10 சதவீதம் இலவசம்". பத்துப் பெட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பதினொன்று கொடுக்கிறீர்கள், பெட்டி 909 ரூபாய் 9 காசு விழுகிறது. விலையில் கழிவு 9.09 சதவீதம்தான். விநியோகஸ்தர் 10 சதவீதம் என்று நினைத்துக் கடைக்காரரிடம் பேசிவிட்டால் அந்த வித்தியாசம் அவர் கையிலிருந்து போகும், அப்புறம் உங்களிடம் கிளைம் அனுப்புவார். சதவீதமே எழுத வேண்டாம், "10 பெட்டி வாங்கினால் 11 பெட்டி வரும்" என்று எழுதினால் போதும்.

அடுத்து மிச்சம். ஒருவர் 25 பெட்டி வாங்குகிறார், 2 இலவசம். மீதி 5 பெட்டி அடுத்த பில்லோடு சேருமா? எது வேண்டுமானாலும் இருக்கட்டும், கடிதத்தில் இருக்க வேண்டும். சேராது என்று வைப்பதே நல்லது என்பேன், ஏனென்றால் ஒவ்வொரு பில்லும் அதிலேயே முடிந்துவிடும், பழைய மிச்சத்தைத் தேடும் வேலை யாருக்கும் இல்லை. அதற்கு ஏற்றபடி விநியோகஸ்தரும் பத்துப் பத்தாகவே ஆர்டர் போடுவார்.

மூன்றாவது, பெரும்பாலான கடிதங்களில் விட்டுப்போவது: இந்த இலவசம் யாருக்கு? முழுவதும் விநியோகஸ்தருக்கா, கடைக்காரருக்கும் போக வேண்டுமா? சொல்லாமல் விட்டால், தேனியில் ஒருவர் கடைக்குக் கொடுப்பார், உசிலம்பட்டியில் ஒருவர் கொடுக்க மாட்டார், கடைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள், கெட்ட பெயர் உங்கள் பிராண்டுக்கு. நம் உதாரணத்தில் கடைக்காரர் ஒரு பெட்டி வாங்கினால் ஒரு பாக்கெட் இலவசம் என்று வைத்துக்கொள்வோம். விநியோகஸ்தருக்கு 10 பெட்டிக்கு 1 பெட்டி, அதாவது 20 பாக்கெட் வருகிறது. அந்தப் பத்துப் பெட்டியையும் கடைகளுக்குப் போடும்போது 10 பாக்கெட் போய்விடும், மீதி 10 பாக்கெட் அவருடையது. ஆனால் அக்டோபர் 10க்குப் பிறகு வாங்கும் சரக்கில் 20 பெட்டிக்கு 20 பாக்கெட்தான் வரும், அது முழுவதும் கடைக்கே போய்விடும், அவருக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. இதைக் கடிதத்தில் வெளிப்படையாகவே சொல்லுங்கள். முன்கூட்டி வாங்க வேறு காரணமே சொல்ல வேண்டியிருக்காது.

இலக்கு ஊக்கத்தொகை: எங்கே படி வைப்பது

நம் பெரியகுளம் விநியோகஸ்தர் போன வருடம் அந்த 48 நாளில் 400 பெட்டி எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீதம் கூட்டி இலக்கு 460. இனி, ஊக்கத்தொகையை எப்படி அடுக்குவது என்பதில்தான் கம்பெனியின் பணமும் விநியோகஸ்தரின் நடத்தையும் தீர்மானமாகிறது.

பலர் எழுதுவது இப்படி: 460 எட்டினால் எல்லாப் பெட்டிக்கும் 20 ரூபாய், 506 எட்டினால் எல்லாப் பெட்டிக்கும் 30 ரூபாய். பார்க்க அழகாக இருக்கிறது. 505 பெட்டி வாங்கியவருக்கு 10,100 ரூபாய். இன்னும் ஒரே ஒரு பெட்டி வாங்கினால் 506க்கு 30 வீதம் 15,180. அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் 5,080 ரூபாய் கொடுக்கிறீர்கள். 480இல் நிற்பவர் என்ன செய்வார்? கடைசி நாளில் 26 பெட்டி தேவையில்லாமல் எடுத்து, ஊக்கத்தொகையில் ஒரு பகுதியைத் தியாகம் செய்து, அடக்க விலைக்கும் கீழே வத்தலக்குண்டிலோ ஆண்டிபட்டியிலோ அடுத்தவர் லைனில் தள்ளிவிடுவார். தீபாவளிக்கு அப்புறம் அந்த லைன் விநியோகஸ்தர் உங்களிடம் வந்து "என் கடைக்கு எனக்கே தெரியாமல் குறைஞ்ச விலைக்குச் சரக்கு வருது" என்பார். அந்தச் சரக்குக்கு வழி விட்டது உங்கள் கடிதத்தில் நீங்கள் வைத்த படிதான்.

ஆகவே மேலே போகப்போகக் கூடுதல் பெட்டிக்கு மட்டும் கூடுதல் தொகை என்று வையுங்கள். இலக்கை எட்டினால் 460 பெட்டிக்கும் 20 ரூபாய், அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் 40 ரூபாய். மேலே போகப்போகப் பலன் இருக்கிறது, ஆனால் எந்த ஒரு பெட்டியும் ஐயாயிரம் ரூபாய் பெறாது. 460இல் ஒரு பள்ளம் இருக்கத்தான் செய்யும், 459க்கு ஒன்றுமில்லை என்றால் அங்கேயும் இதே கூத்து நடக்கும். அதைத் தணிக்க, இலக்கில் 90 சதவீதமான 414ஐ எட்டினால் பெட்டிக்கு 10 ரூபாய் என்று கீழே ஒரு படி. அவ்வளவு போதும். ஐந்து படி, ஆறு படி வைத்த கடிதங்களை விநியோகஸ்தர்கள் கடைசி வரியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

எந்தப் பெட்டி எண்ணப்படும் என்பதையும் உடைத்துச் சொல்ல வேண்டும். பில் போட்ட பெட்டி மட்டும், இலவசப் பெட்டி சேராது, திருப்பி அனுப்பியது கழியும். நாள் கணக்கு பில் தேதியை வைத்து. ஆனால் இங்கே கம்பெனி தன் பக்கத் தவறுக்கும் பொறுப்பு எடுக்க வேண்டும். விநியோகஸ்தர் அக்டோபர் 28ஆம் தேதிக்குள் ஆர்டர் கொடுத்து நீங்களும் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், மாவு அரைத்து முடியாமல் நவம்பர் 2ஆம் தேதிதான் லோடு ஏறுகிறது என்றால், அது அவர் கணக்கில் சேர வேண்டும். இந்த ஒரு வரி இருக்கிற கடிதத்தை விநியோகஸ்தர்கள் நம்புகிறார்கள், இல்லாத கடிதத்தில் ஏதோ பிடி இருக்கிறது என்று நினைக்கிறார்கள், நினைப்பதும் சரிதான்.

பணம், ரிட்டர்ன், வரி

ரொக்கக் கழிவைத் தனி விஷயமாக வைத்துக்கொள்ளுங்கள்: பில் தேதியிலிருந்து 7 நாளுக்குள் பணம் வங்கியில் ஏறினால் வரி சேர்க்காத மதிப்பில் 2 சதவீதம். செக் கொடுத்த நாளா, பணம் ஏறிய நாளா என்று எழுதாவிட்டால் அதிலும் ஒரு தகராறு உண்டு. ஊக்கத்தொகைக்கு நிபந்தனை, நவம்பர் 20க்குள் சீசன் பில் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும், தீராத பில்லின் பெட்டிகள் எண்ணிக்கையில் வராது. "பாக்கி இருந்தால் ஊக்கத்தொகை இல்லை" என்று மொத்தமாக எழுதாதீர்கள். ஒரு சின்ன பில்லில் டேமேஜ் தகராறு இருந்தால்கூட மொத்தமும் நின்றுபோகும், அது நியாயமாகாது.

ரிட்டர்னில் விலைதான் முக்கியம். இலவசத்தோடு வாங்கிய சரக்கைத் திருப்பும்போது பெட்டிக்கு 1,000 ரூபாய் வரவு வைத்தால் நீங்கள் கொடுத்ததைவிட அதிகம் திருப்பிக் கொடுக்கிறீர்கள். அந்த பில்லின் மொத்தத் தொகையை இலவசத்தையும் சேர்த்து வந்த பெட்டிகளால் வகுத்து, அந்தச் சராசரி விலைக்கு வரவு. எவ்வளவு திருப்பலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும், நான் 5 சதவீதம் வைப்பேன், பெட்டி பிரிக்காமல்.

வரி விஷயத்தில் கடிதம் எழுதுகிறவருக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும், மீதியை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். ஒன்று, இலவசப் பெட்டி அதே பில்லில் வர வேண்டும், பதினொரு பெட்டிக்கும் சேர்த்து ஒரே விலை என்பது பில்லிலேயே தெரிய வேண்டும். இப்படி ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற வகை ஸ்கீமுக்கு உள்ளீட்டு வரி வரவு உண்டு என்று 2019 மார்ச்சில் வந்த ஜிஎஸ்டி சுற்றறிக்கை சொல்கிறது. தனிச் சீட்டில் சும்மா அனுப்பினால் அது பரிசுக் கணக்கில் போய்விடும், பரிசாகக் கொடுத்த சரக்குக்கு அந்த வரவு கிடையாது. இரண்டு, பின்னால் கொடுக்கும் ஊக்கத்தொகைக் கிரெடிட் நோட்டில் ஜிஎஸ்டி குறைப்பீர்களா இல்லையா என்று முன்பே சொல்லிவிடுங்கள். வரியைக் குறைத்தால் விநியோகஸ்தர் தான் எடுத்த உள்ளீட்டு வரியில் அந்த அளவைத் திருப்ப வேண்டும். வரியைத் தொடாமல் வெறும் தொகைக்குக் கிரெடிட் நோட் போட்டால் அவர் எதையும் திருப்ப வேண்டியதில்லை, 2025 செப்டம்பர் 12 சுற்றறிக்கை இதைத் தெளிவுபடுத்தியது. சின்னக் கம்பெனிக்கு இரண்டாவது வழியில் வேலை குறைவு. மூன்று, தங்கக் காசு, ஃபிரிட்ஜ், கொடைக்கானல் டூர் என்றெல்லாம் ஆசைப்பட்டால், ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் அப்படிக் கொடுப்பதன் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம் டிடிஎஸ் கட்ட வேண்டும், 2022 ஜூலை முதல் இந்த விதி இருக்கிறது. கொள்முதலோடு கட்டிய விலைக் கழிவாகக் கொடுத்துவிட்டால் கணக்கும் நேராக இருக்கும், விநியோகஸ்தருக்கும் கையில் பணமாக வரும்.

இனி கடிதம்

மேலே முடிவு செய்ததையெல்லாம் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும். வாழ்த்து ஒரு வரி. "நமது நீண்டகால உறவு" என்று அரைப்பக்கம் வேண்டாம். ஒவ்வொரு விநியோகஸ்தருக்கும் இலக்கு எண் மட்டும் மாறும், விதிகள் எல்லோருக்கும் ஒன்றே, அதையும் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

> தேதி: 7.9.2026
>
> பெறுநர்: விநியோகஸ்தர் அவர்கள், பெரியகுளம்
>
> பொருள்: தீபாவளி 2026, முறுக்கு மாவு அரை கிலோ, இருப்பு ஸ்கீம் மற்றும் இலக்கு ஊக்கத்தொகை
>
> அன்புடையீர், வணக்கம். உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.
>
> இந்தக் கடிதத்தில் உள்ள எல்லாம் முறுக்கு மாவு அரை கிலோ பாக்கெட்டுக்கு (பெட்டிக்கு 20 பாக்கெட், வரி நீங்கலாகப் பெட்டி 1,000 ரூபாய்) மட்டும். காலம் 14.9.2026 முதல் 31.10.2026 வரை. நாள் கணக்கு பில் தேதியின்படி. 28.10.2026க்குள் நீங்கள் கொடுத்து நாங்கள் ஒப்புக்கொண்ட ஆர்டர் எங்களால் தாமதமானால், அதுவும் இந்தக் காலத்தில் சேரும்.
>
> இருப்பு ஸ்கீம்: 10.10.2026 வரை ஒரே பில்லில் ஒவ்வொரு 10 பெட்டிக்கும் 1 பெட்டி இலவசம். 11.10.2026 முதல் ஒவ்வொரு 20 பெட்டிக்கும் 1 பெட்டி இலவசம். மிச்சப் பெட்டிகள் அடுத்த பில்லில் சேராது. இலவசம் அதே பில்லில் வரும். இதிலிருந்து கடைக்காரருக்குப் பெட்டிக்கு 1 பாக்கெட் கட்டாயம் கொடுக்க வேண்டும், மீதி உங்களுடையது.
>
> இலக்கு: சென்ற ஆண்டு 26.8.2025 முதல் 12.10.2025 வரை நீங்கள் எடுத்தது 400 பெட்டி. இந்த ஆண்டு உங்கள் இலக்கு 460 பெட்டி. 414 முதல் 459 வரை எடுத்தால் எல்லாப் பெட்டிக்கும் 10 ரூபாய் வீதம் கழிவு. 460 எட்டினால் 460 பெட்டிக்கும் 20 ரூபாய் வீதம், 460க்கு மேல் உள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் 40 ரூபாய். இலவசப் பெட்டிகள் எண்ணப்படாது, திருப்பியவை கழிக்கப்படும், 20.11.2026க்குள் பணம் வராத பில்களின் பெட்டிகள் எண்ணப்படாது.
>
> ரொக்கக் கழிவு: பில் தேதியிலிருந்து 7 நாளுக்குள் பணம் எங்கள் வங்கிக் கணக்கில் ஏறினால், வரி நீங்கலான மதிப்பில் 2 சதவீதம். மற்ற பில்களுக்கு வழக்கமான 21 நாள் தவணை.
>
> ரிட்டர்ன்: பிரிக்காத பெட்டிகள், பில் போட்ட மொத்தப் பெட்டிகளில் 5 சதவீதம் வரை, 20.11.2026க்குள் எங்கள் ஆலைக்கு வந்து சேர வேண்டும். அந்தந்த பில்லின் இலவசம் சேர்த்த சராசரி விலைக்கு வரவு வைக்கப்படும்.
>
> ஊக்கத்தொகை 30.11.2026க்குள் ஜிஎஸ்டி மாற்றம் இல்லாத கிரெடிட் நோட்டாக, சம்பந்தப்பட்ட பில் எண்களோடு உங்களுக்கு வரும். இலக்கு எண் தவிர மற்ற விதிகள் எல்லா விநியோகஸ்தர்களுக்கும் ஒன்றே. இதில் மாற்றம் இருந்தால் எழுத்தில் மட்டுமே சொல்வோம், வாய்மொழியாகச் சொன்னது செல்லாது. இந்தக் கடிதத்தின் நகலில் கையெழுத்திட்டு 12.9.2026க்குள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

வாய்மொழி பற்றிய அந்த வரி கடுமையாகத் தெரியலாம். ஆனால் லைன் போகும் பிரதிநிதி ஆர்டர் பிடிக்கிற அவசரத்தில் "நீங்க எடுங்க அண்ணே, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வருவது ஒவ்வொரு சீசனிலும் நடப்பது. கடைசியில் அந்தப் பையனும் மாட்டிக்கொள்கிறான், விநியோகஸ்தரும் ஏமாறுகிறார். இந்த வரி இரண்டு பேரையும் காப்பாற்றும்.

அனுப்புமுன் ஒரு கணக்கு

கடிதம் எழுதியாயிற்று. இப்போது கற்பனையாக ஒரு சீசனை ஓட்டிப் பாருங்கள், வேண்டுமென்றே இடைஞ்சலான எண்களை வைத்து. நம் பெரியகுளத்துக்காரர் செப்டம்பர் 18இல் 120 பெட்டி, அக்டோபர் 6இல் 200 பெட்டி, அக்டோபர் 24இல் 165 பெட்டி எடுக்கிறார். முதல் பில்லுக்கு 12 இலவசம், இரண்டாவதுக்கு 20. மூன்றாவது பில் இரண்டாம் கட்டத்தில் வருகிறது, 160க்கு 8 இலவசம், மிச்சம் 5 பெட்டிக்கு ஒன்றுமில்லை. முதல் பில்லுக்கு மட்டும் ஐந்தாம் நாளே பணம் போட்டார், 1,20,000 ரூபாயில் 2 சதவீதம், 2,400 ரூபாய் ரொக்கக் கழிவு. மற்ற இரண்டும் தவணைப்படி வந்தது.

தீபாவளி முடிந்து மூன்றாவது பில்லிலிருந்து 10 பெட்டி திருப்புகிறார். மொத்தம் எடுத்தது 485, அதில் 5 சதவீதம் என்றால் 24 பெட்டி வரை திருப்பலாம், ஆக இது வரம்புக்குள்தான். அந்த பில்லில் 1,65,000 ரூபாய்க்கு வந்தது 173 பெட்டி, பெட்டி 953 ரூபாய் 76 காசு, அந்த விலைக்கு வரவு. இலக்குக் கணக்கில் 485இலிருந்து 10 கழிய 475. அதில் 460க்கு 20 வீதம் 9,200, மேலே உள்ள 15க்கு 40 வீதம் 600, ஆக 9,800 ரூபாய் கிரெடிட் நோட்.

இதே எண்களை, கடிதத்தைத் தவிர வேறு எதுவும் சொல்லாமல், உங்கள் கணக்கரிடமும் ஒரு லைன் பிரதிநிதியிடமும் தனித்தனியாகக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு பேரும் 9,800 என்று வந்தால் கடிதம் அனுப்பலாம். ஒருவர் இலவசப் பெட்டியைச் சேர்த்தாலோ, இன்னொருவர் திருப்பியதைக் கழிக்க மறந்தாலோ, அவர்களைத் திருத்தாதீர்கள், அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். ஆபீஸுக்குள் இருப்பவருக்கே புரியாதது பெரியகுளத்தில் புரியாது.

லெட்டர்பேடில் கையெழுத்து, சீலோடு ஒரு பிரதி நேரில் போக வேண்டும், அதே பிரதியை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். குரூப்பில் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனியாகப் போடுங்கள், ஒருவர் இலக்கு இன்னொருவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. கையெழுத்திட்ட நகல் வராதவருக்கு 13ஆம் தேதியே போன் போடுங்கள். அப்புறம் முதல் கட்டம் முடிந்ததும், அக்டோபர் 11 அல்லது 12இல், ஒவ்வொருவருக்கும் நாலு வரி அனுப்புங்கள்: "இதுவரை 320 பெட்டி எடுத்துள்ளீர்கள். 414க்கு இன்னும் 94, 460க்கு இன்னும் 140. கடைசி ஆர்டர் நாள் அக்டோபர் 28. பணம் வரவேண்டிய பில் ஒன்று உள்ளது." இதற்கு அவர் பதில் எண் வேறு சொன்னால் அன்றைக்கே இரண்டு பக்கப் பில்லையும் வைத்துச் சரிபார்த்துவிடலாம், அப்போது இன்னும் லோடு ஏறிக்கொண்டுதான் இருக்கும்.